தேர்வறையில் எல்லாம் மறந்துபோனால்

செய்முறைத் தேர்வு முடிந்து பொதுத்தேர்வு நெருங்கும் பிப்ரவரி மாதத்தில், எங்கள் பள்ளியில் திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் யாராவது ஒருவர் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பேசுவது வழக்கம். இந்த ஆண்டு தலைமையாசிரியர் என்னைப் பேசச் சொன்னார். "பிள்ளைங்க மனசு தெம்பா இருக்கற மாதிரி நாலு வார்த்தை சொல்லுங்க டீச்சர்" என்றார். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, குறள், செய்தி வாசிப்பு எல்லாம் முடிந்த பிறகு நாட்டுப்பண்ணுக்கு முன்னால் கிடைப்பது சில நிமிடங்கள்தான். பிள்ளைகள் வெயிலில் நின்றுகொண்டிருப்பார்கள். அதற்குள் என்ன சொல்வது என்று பல நாள் யோசித்தேன்.

"பயப்படாதீங்க, தன்னம்பிக்கையோட எழுதுங்க" என்று மட்டும் சொல்லக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். பயம் சொன்னால் போய்விடுகிற பொருள் இல்லை. அதைவிட, "பயப்படாதே" என்று கேட்ட பிள்ளைக்குத் தேர்வறையில் கை நடுங்கும்போது இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது: "பயப்படக் கூடாதுன்னு சொன்னாங்களே, எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆகுது?" இயற்பியல் ஆசிரியையாக நான் பார்த்தவரை, நன்றாகப் படித்த பிள்ளைகளை வீழ்த்துவது பெரும்பாலும் இந்த இரண்டாவது பயம்தான். ஆகவே பேச்சை ஒரே ஒரு விஷயத்தில் வைத்தேன். வினாத்தாளைப் பிரித்ததும் மனது வெறுமையாகிவிட்டால் அடுத்த சில நிமிடங்களில் என்ன செய்வது? அந்தத் தேர்வு சொதப்பிவிட்டால் அடுத்த தேர்வுக்குள் எப்படி மீண்டு வருவது?

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் இருந்த ஒரு மாணவியைப் பற்றிச் சொல்லித் தொடங்கினேன். பெயர் சொல்லவில்லை. யங் இரட்டைப் பிளவு ஆய்வில் பட்டை அகலத்துக்கான கோவையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதக்கூடியவள். தேர்வில் அந்த ஐந்து மதிப்பெண் கேள்வியே வந்தது. படம் போட்டாள், அதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை. எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். பக்கத்துப் பையன் கூடுதல் விடைத்தாள் கேட்டு எழுந்தபோது இவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டதாம். அந்தக் கேள்வியிலேயே இருபது நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. மணி அடித்து, விடைத்தாளைக் கொடுத்துவிட்டு, வராந்தாவில் குவிந்து கிடந்த பைகளில் தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தபோது முழு வருவிப்பும் வரிசையாக நினைவுக்கு வந்ததாம். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"இதுல ஒரு நல்ல சேதி இருக்கு, கவனிங்க" என்றேன் பிள்ளைகளிடம். "பை எடுக்கும்போது ஞாபகம் வந்துச்சுன்னா என்ன அர்த்தம்? உள்ள இருக்கும்போதும் அது அவ மண்டையிலதான் இருந்துச்சு. அழிஞ்சு போகல. எடுக்கத்தான் முடியல."

இங்கே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விளக்கினேன். ஆபத்து என்று மூளை முடிவு கட்டியதும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, விரல் சில்லிடுகிறது, செரிமானம் மந்தமாகி வயிறு பிசைகிறது. உடம்பு ஓடவோ சண்டை போடவோ தயாராகிறது. ஓடுவதற்கு இது உதவும். வருவிப்பு எழுத உதவாது, ஏனென்றால் ஒரே நேரத்தில் நம் மனது கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யக்கூடிய சங்கதிகள் மிகச் சில. காலை எட்டரை மணி டவுன் பஸ் போல அதில் இடம் குறைவு. "ஃபெயில் ஆயிடுவேனோ, அப்பா என்ன சொல்வார், அவ அடிஷனல் ஷீட் வாங்கிட்டாளே" என்ற நினைப்புகள் ஏறி உட்கார்ந்துகொண்டால், பட்டை அகலக் கோவை நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருக்கும். ஆகவே செய்ய வேண்டியது உள்ளே இருப்பதை இறக்குவது. மறந்ததை இன்னும் அழுத்தி நினைவுபடுத்த முயல்வது அதற்கு நேர்மாறான வேலை. முயன்று வராதபோது கவலை இன்னும் கூடி, இன்னும் நாலு பேர் ஏறிக்கொள்கிறார்கள்.

எப்படி இறக்குவது? இந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு சோதனை செய்யச் சொன்னேன். இடது கையைத் திருப்பி, கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டின் ஓரத்தில் வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வைக்கச் சொன்னேன். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதற்கே ஒரு துடிப்பு உண்டு, குழப்பிவிடும். நாடி கிடைத்த பிறகு, மூக்கால் நாலு எண்ணும்வரை மூச்சை இழுக்க வேண்டும். ஆறு எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். "இழுக்கும்போது நாடி எப்படி அடிக்குது, விடும்போது எப்படி அடிக்குதுன்னு மட்டும் பாருங்க."

நாலைந்து மூச்சுக்குள் பத்தாம் வகுப்பு வரிசையில் சலசலப்பு. "மிஸ், விடும்போது ஸ்லோ ஆகுது!" இழுக்கும்போது இதயம் சற்று வேகம் கொள்ளும், விடும்போது சற்றே தணியும். இது எல்லாருக்கும் இயல்பாக நடப்பது, வளரிளம் வயதில் இன்னும் நன்றாகத் தெரியும். வெளிமூச்சின்போது வேகஸ் என்கிற நரம்பு இதயத்துக்குப் பிரேக் போடுகிறது. உள்மூச்சைவிட வெளிமூச்சை நீளமாக்கினால் அந்தப் பிரேக் அதிக நேரம் பிடித்திருக்கும். இதயத்தை நேரடியாக "மெதுவாக அடி" என்று நம்மால் கட்டளையிட முடியாது. மூச்சு நம் கையில் இருப்பதால் அதன் வழியாகச் சொல்லலாம். இதைத் தன் விரலாலேயே தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு நான் வேறு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சிலருக்கு நாடியே கிடைக்கவில்லை. கழுத்தின் ஓரத்தில், குரல்வளைக்குப் பக்கவாட்டில், ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

இதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கும். "நல்லா இழுத்து மூச்சு விடு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பயந்திருக்கும் பிள்ளை அதைக் கேட்டு வேகவேகமாக, ஆழமாகக் காற்றை விழுங்கும். அப்போது இரத்தத்தில் கரியமில வாயு தேவைக்குக் கீழே இறங்கிவிடும். தலை கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகிற மாதிரி ஊசி குத்தும். பிள்ளை மயங்கப் போகிறோம் என்று நினைத்து இன்னும் வேகமாக மூச்சு வாங்கும். விரல் நுனியில் ஊசி குத்துவது தெரிந்தால், மூச்சு அதிகமாகிவிட்டது என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். இழுப்பதைச் சிறியதாக்கி, விடுவதை நீட்ட வேண்டும். ஆழம் முக்கியமில்லை, நிதானம்தான் முக்கியம். இதை இரண்டு முறை சொன்னேன்.

நாலும் ஆறும் பத்து வினாடி. ஆறு மூச்சுக்கு ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்கத்தான் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். "எழுதவே நேரம் பத்தாது, இதுல மூச்சு விட்டுட்டு உக்காந்திருக்கவா?" என்று பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பிறகு கேட்டான். நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுக் காட்டினேன்.

நம் இயற்பியல் தாளில் 10 மணியிலிருந்து 10:10 வரை வினாத்தாள் படிக்க, 10:15 வரை விடைத்தாள் முகப்பில் விவரங்களைச் சரிபார்க்க. எழுதுவது 10:15 முதல் 1:15 வரை, 180 நிமிடம். எழுத்துத்தேர்வு 70 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம் வரும். ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம். பையைத் தேடும்போது நினைவு வந்ததே, அந்த மாணவி, இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே கேள்வியில் தொலைத்தாள். ஐந்து மதிப்பெண்ணைக் காப்பாற்றப் போய் எட்டு மதிப்பெண்ணுக்கான நேரத்தைக் கொடுத்தாள், அந்த ஐந்தும் கிடைக்கவில்லை. ஒரு நிமிடம் மூச்சுக்குப் போனால் அரை மதிப்பெண்ணுக்கும் குறைவான நேரம். எதைச் செலவழிக்கத் தயங்குகிறோம், எதைத் தயங்காமல் கொட்டுகிறோம் என்று அவனே பார்த்துக்கொண்டான்.

ஆகவே பிள்ளைகளிடம் சொன்ன வரிசை இதுதான். கேள்வியில் மாட்டிக்கொண்டால் பேனாவை மேசையில் வை. இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்கார். ஆறு மூச்சு. பிறகு அந்தக் கேள்விக்குத் திரும்பிப் போகாதே. அதற்கு இடம் விட்டுவிட்டு, உனக்கு நிச்சயமாகத் தெரிந்த வேறு ஒன்றை எடு. அது ஒரு மதிப்பெண் கேள்வியாக இருந்தாலும் போதும், குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுது. தெரிந்த விடையை எழுதும்போது கை ஓடத் தொடங்கும், கவலைக்கு இருந்த இடம் குறையும். மாட்டிக்கொண்ட கேள்விக்குக் கடைசியில் வா. பலருக்கு அது இடையிலேயே, வேறொரு விடை எழுதும்போது தானாக வந்துவிடும். வந்தால் விடைத்தாளின் ஓரத்தில் எழுதாதே, விட்ட இடத்துக்குப் போய் முதல் இரண்டு வரியை மட்டும் போட்டுவிட்டுத் திரும்பி வா.

படிக்கக் கொடுத்த முதல் பத்து நிமிடத்தைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பாலான பிள்ளைகள் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படித்து, மூன்றாவது ஒரு மதிப்பெண் கேள்வியிலேயே தெரியாதது ஒன்றைப் பார்த்துத் திகிலடைகிறார்கள். நான் பகுதி இரண்டு, மூன்றிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். அந்த இரண்டிலும் ஒன்பது கேள்வியில் ஆறு எழுதினால் போதும். 24ஆம் கேள்வியும் 33ஆம் கேள்வியும் மட்டும் கட்டாயம். தெரியாததைத் தள்ளிவிட அங்கே உரிமை இருக்கிறது. "எதையெல்லாம் விடலாம்" என்று பார்த்துவிட்டு வரும் பிள்ளை, பகுதி ஒன்றுக்கு வரும்போது பாதி நிதானத்தோடு வருகிறது.

இதற்கு ஒரு எல்லை உண்டு, அதையும் மறைக்காமல் சொன்னேன். மூச்சு படிக்காத பாடத்தைக் கொண்டுவந்து தராது. இன்னொன்று, தேர்வு நாளன்று முதல்முறையாகச் செய்தால் இது வேலை செய்யாது. திருப்புதல் தேர்வுகளில் பழக வேண்டும். இந்த ஆண்டு இரண்டாம் திருப்புதல் தேர்வில் என் அறையில் பாதி நேரத்தில், நன்றாக எழுதிக்கொண்டிருப்பவர்களையும் சேர்த்து, எல்லாரையும் பேனாவைக் கீழே வைக்கச் சொன்னேன். முதலில் முறைத்தார்கள். வேண்டுமென்றே அறுந்துபோன ஓட்டத்தை மறுபடி பிடிப்பது ஒரு பழக்கம் என்று பிறகு புரிந்துகொண்டார்கள்.

படிக்கும் முறையும் இதோடு சேர்ந்தது. புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அந்த உணர்வு ஏமாற்றும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். பத்து ஆண்டு கழித்து, 2016இல், வேறொரு குழு இன்னும் ஒரு படி போனது. மாணவர்களைப் பதற்றத்துக்கு உள்ளாக்கிவிட்டு நினைவைச் சோதித்தார்கள். திரும்பப் படித்தவர்களுக்குப் பதற்றத்தில் நினைவு சரிந்தது. எழுதிப் பார்த்தே படித்தவர்களுக்குச் சரியவில்லை. மனவுறுதி தனி, படிப்பு தனி என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெள்ளைத்தாளில் ஒரு வருவிப்பை எழுதிப் பார்ப்பது இரண்டும்தான். ஆய்வைப் பற்றியெல்லாம் கூட்டத்தில் சொல்லவில்லை. "மூடி வச்சுட்டு எழுதுங்க. தப்பா வந்தா பரவாயில்லை, திறந்து பாத்துத் திருத்துங்க. இப்ப மறந்தா நல்லது, அன்னைக்கு மறக்காது" என்று மட்டும் சொன்னேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. தேர்வுக்குச் சற்று முன் தன் கவலைகளை எல்லாம் பத்து நிமிடம் தாளில் கொட்டி எழுதினால் மதிப்பெண் கூடும் என்று 2011இல் வந்த ஆய்வு மிகவும் பிரபலம். ஆசிரியர் பயிற்சிகளில்கூடச் சொல்வார்கள். பிறகு வேறொரு குழு அதே ஆய்வை இன்னும் அதிகம் பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எழுதிப் பார்ப்பதில் கெடுதல் இல்லை, விரும்பும் பிள்ளை எழுதட்டும். ஆனால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிச்சயமாகச் சொல்லும் அளவுக்கு அது உறுதிப்படவில்லை. பிள்ளைகள் நாம் சொல்வதை நம்பி அறைக்குள் போகிறார்கள்.

அடுத்தது, சொதப்பிய தேர்வின் சாயங்காலம். என்னைக் கேட்டால் பொதுத்தேர்வில் ஒரு பிள்ளையின் மனம் உண்மையில் சோதிக்கப்படுவது இந்த நேரத்தில்தான். அடுத்த தேர்வுக்குச் சில நாள்தான் இருக்கும். வாசலில் தோழிகள் கூட்டமாக நின்று ஒரு மதிப்பெண் விடைகளை ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்குப் போவதற்குள் யூடியூபில் விடைக்குறிப்பு வந்திருக்கும். பார்க்காதே என்று சொன்னால் பார்ப்பார்கள், அது எனக்குத் தெரியும். ஆகவே இப்படிச் சொன்னேன்: அழுகை வந்தால் அழு, அம்மாவிடம் சொல்லி அழு. சாப்பிடு. குளி. அன்றைக்கு ஏழு மணிக்குப் பிறகு அந்த வினாத்தாளைப் பையிலிருந்து எடுக்காதே, கடைசித் தேர்வு முடிகிற வரைக்கும் அதை அம்மாவிடம் கொடுத்து வை. அன்று இரவு கட்டாயம் தூங்கு. தூக்கத்தில்தான் படித்தவை மூளையில் பதிகின்றன; சொதப்பிய தேர்வுக்குப் பரிகாரமாக விடிய விடிய விழித்திருக்கும் பிள்ளை அடுத்த தேர்வையும் சேர்த்துப் பலி கொடுக்கிறது.

"ஃபெயில் ஆயிட்டேன் மிஸ்" என்று வரும் பிள்ளையிடம் ஆறுதல் சொல்வதைவிட, உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பது அதிகம் உதவுகிறது. வராந்தாவில் அழுத அந்த மாணவியோடு நான் அன்றைக்குச் செய்தது அதைத்தான். பகுதி பகுதியாக, அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் கணக்கில் எடுத்தோம். ஒரு மதிப்பெண் பதினைந்தில் ஒன்பது உறுதி. இரண்டு மதிப்பெண்ணில் நாலு கேள்வி சரி, எட்டு. மூன்று மதிப்பெண்ணில் மூன்று சரி, ஒன்பது. ஐந்து மதிப்பெண்ணில் இரண்டு முழுதாக எழுதியிருந்தாள், பத்து. கூட்டினால் 36. அரைகுறையாக எழுதியவற்றுக்குக் கிடைக்கக்கூடியதை ஒன்றும் சேர்க்கவில்லை. செய்முறையில் 20க்கு எவ்வளவு வரும் என்று அவளுக்குத் தெரியாது; செய்முறைத் தேர்வை முழுதும் முடித்தவள், ஆனாலும் 15 என்று குறைத்தே போட்டோம். அகமதிப்பீடு 10இல் எட்டு. மொத்தம் 59. தேர்ச்சிக்கு எழுத்துத்தேர்வில் குறைந்தது 15, எல்லாம் சேர்த்து 35 போதும்.

தேர்ச்சி உறுதி என்றதும் அவள் முகம் தெளிந்துவிடவில்லை. அவளுடைய உண்மையான கவலை வேறு. "கட் ஆஃப் போச்சே மிஸ்" என்றாள். அதையும் எண்ணினோம். பொறியியல் கட் ஆஃபில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. இயற்பியலில் இருபது மதிப்பெண் குறைந்தால் கட் ஆஃபில் பத்து குறையும். இன்னும் எழுத வேண்டியிருந்த கணிதத்தில் பத்து மதிப்பெண் கூடினால் அது அப்படியே பத்து. இழப்பு உண்மைதான், அதை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அளவு தெரியாத இழப்பு ராத்திரியில் பெரிதாக வளரும். அளவு தெரிந்த இழப்போடு ஒரு பிள்ளை கணிதப் புத்தகத்தைத் திறக்க முடியும். அவள் திறந்தாள்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதே கணக்கு உண்டு. அறிவியலில் செய்முறைக்கு 25 தனியாக இருக்கிறது, எழுத்துத்தேர்வு 75க்குத்தான். மற்றப் பாடங்களில் அப்படி இல்லை, நூறும் எழுத்தில்தான்.

கடைசியாக ஒன்றைப் பேசுவதா வேண்டாமா என்று தலைமையாசிரியரோடு முன்கூட்டியே கலந்தேன். "சாவைப் பத்தி அசெம்பிளில பேசணுமா டீச்சர்? நாமளே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடாதா?" என்று அவர் தயங்கினார். அவருடைய தயக்கம் பல பெற்றோருக்கும் உண்டு. மனநல மருத்துவர்கள் இதில் தெளிவாக இருக்கிறார்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்காது. ஏற்கெனவே அந்த எண்ணத்தோடு தனியாக அல்லாடும் பிள்ளைக்கு, ஒருவர் கேட்டுவிட்டார் என்பதே பெரிய ஆறுதல். எப்படி, எங்கே என்ற விவரங்களைப் பேசக் கூடாது. யாரோ ஒருவரின் கதையை உருக்கமாகச் சொல்லவும் கூடாது. அவர் ஒப்புக்கொண்டார்.

பிள்ளைகளிடம் சுருக்கமாகத்தான் சொன்னேன். "உயிரோட இருக்க வேண்டாம்னு ஒரு நினைப்பு வந்தா, அது உன் குத்தம் இல்லை. ஆனா அதை ஒரு ராத்திரிகூட தனியா வச்சுக்காத. அன்னைக்கே யார்கிட்டயாவது சொல்லு. அம்மாகிட்ட முடியலைன்னா என்கிட்ட, என்கிட்ட முடியலைன்னா 14416க்குக் கூப்பிடு. காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். 104க்கும் கூப்பிடலாம். உன் ஃப்ரெண்டு உன்கிட்ட அப்படிச் சொல்லி, யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கியிருந்தா, அந்தச் சத்தியத்தை மீறு. எங்ககிட்ட வந்து சொல்லு." அந்தக் கடைசி வரிக்காகவே அந்தப் பகுதியை வைத்தேன். பதினேழு வயதில் ஒரு பிள்ளை முதலில் சொல்வது தோழியிடம்தான், எங்களிடம் இல்லை. கூட்டம் கலைந்த பிறகு யாரைப் பற்றியோ பேச ஒரு பெண் ஆய்வகத்துக்கு வந்தாள். அது என்ன என்று இங்கே எழுதப்போவதில்லை. வந்தாள், அதுவே போதும்.

பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் சொல்ல இருப்பது கொஞ்சம். பிள்ளை அடிக்கடி அழுவதைவிட, திடீரென்று அமைதியாகிவிடுவதைக் கவனியுங்கள். சாப்பாடும் தூக்கமும் தொடர்ந்து கெட்டுப்போவது, ஆசையாக வைத்திருந்த பொருளைத் தம்பி தங்கைக்குக் கொடுத்துவிடுவது, "நான் இல்லாட்டி உங்களுக்குச் செலவு மிச்சம்" என்ற மாதிரி விளையாட்டுபோல ஒரு பேச்சு, இவை எதையும் "எக்ஸாம் டென்ஷன்" என்று ஒதுக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள். ஆமாம் என்று சொன்னால் திட்டாமல், அறிவுரை சொல்லாமல், தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

தேர்வு நாள் காலையில் வெறும் வயிற்றோடு அனுப்ப வேண்டாம். இட்லியோ கஞ்சியோ, வழக்கமாகச் சாப்பிடுவது எதுவானாலும் சரி. அன்றைக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். பல பெண் பிள்ளைகள் கழிவறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள். பதினொரு மணி வெயிலில் அவர்களுக்குத் தலை வலிக்கத் தொடங்கும், அதைப் பயம் என்று நினைத்துக்கொள்வார்கள். அறைக் கண்காணிப்பாளரிடம் கேட்டுவிட்டுப் போகலாம் என்று முதல் நாளே சொல்லி அனுப்புங்கள். சாயங்காலம் பிள்ளை வீட்டுக்குள் வந்ததும் "எப்படி எழுதின?" என்று கேட்கும் முன் சோற்றைப் போடுங்கள். அதுவே சொல்லும், சொல்லவில்லையென்றால் கேட்காதீர்கள்.

தேர்வு முடிவு மே மாதத்தில் வரும். 2017இலிருந்து தமிழ்நாட்டில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதில்லை. அது எத்தனையோ பிள்ளைகளின் அந்த ஒரு நாளைக் காப்பாற்றியிருக்கிறது என்று நம்புகிறேன். ஆனாலும் அன்றைக்கு யாரைக் கவனிக்க வேண்டும் என்பதில் பள்ளிகள் பாதிப் பேரைத்தான் பார்க்கின்றன. தோல்வியடைந்தவர்கள் பட்டியல் எங்கள் கையில் உடனே வந்துவிடும். 580 எதிர்பார்த்து 535 வாங்கிய பிள்ளை எந்தப் பட்டியலிலும் இருக்காது. அந்தப் பிள்ளைக்கு எல்லாரும் வாழ்த்துச் சொல்வார்கள், அது அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்ளும். ஆகவே எங்கள் பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர்கள் இப்போதே பேசி வைத்திருக்கிறோம். திருப்புதல் தேர்வு மதிப்பெண்ணைவிட மிகவும் குறைந்த பிள்ளைகளும் தோல்வியடைந்தவர்களும் சேர்ந்து ஒரே பட்டியல். ஒவ்வொரு ஆசிரியருக்கும் சில பெயர். முடிவு வந்த காலையிலேயே பிள்ளையிடம் பேச வேண்டும், அப்பாவிடம் பேசிவிட்டு வைத்துவிடக் கூடாது. சாயங்காலம் மறுபடி ஒருமுறை. அப்போது கையில் மூன்று தகவல் இருக்க வேண்டும்: விடைத்தாள் நகலுக்கும் மறுகூட்டலுக்கும் விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்று, துணைத்தேர்வு எப்போது, துணைத்தேர்வில் தேறியவர்கள் அதே ஆண்டு பொறியியல் துணைக் கலந்தாய்வில் கலந்துகொள்ளலாம் என்பது. முதல் இரண்டும் முடிவோடு வரும் அறிவிப்பில் இருக்கும். அந்த அறிவிப்பைப் படித்துத் தேதிகளைக் குறித்து மற்றவர்களுக்கு அனுப்புவது என் வேலை. பட்டியலில் உள்ள கைப்பேசி எண்கள் சரிதானா என்று இந்த வாரமே ஒவ்வொரு வீட்டுக்கும் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பாதி எண்கள் மாறிப்போயிருக்கின்றன.